லாரிக் அமிலத்தில் மோலார் நிறை காணல்: வரைபடத்தில் எந்தப் புள்ளியை எடுப்பது?

பெயர் சொல்லாமல் கொடுக்கும் திண்மத்தின் மோலார் நிறையை உறைநிலைத் தாழ்வு கொண்டு கண்டுபிடிக்கும் சோதனைக்கு நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது லாரிக் அமிலம். ஏறத்தாழ 44 °C-இல் உறையும். ஒரு கிலோ கரைப்பானில் ஒரு மோல் கரைந்தால் உறைநிலை எத்தனை டிகிரி தாழும் என்பதே Kf. லாரிக் அமிலத்துக்கு அது 3.9 மட்டுமே, சைக்ளோஹெக்சேனுக்கு 20 அளவில் இருப்பதால் தாழ்வு பெரிதாகக் கிடைக்கும். ஆனால் சைக்ளோஹெக்சேன் சோதனை நடக்கும்போதே ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். மாணவர் கூட்டத்துக்கு லாரிக் அமிலமே ஏற்றது.

சோதனைக்குழாயில் 8.00 கிராம் லாரிக் அமிலத்தை உருக்கி, குழாயை அகலமான இன்னொரு குழாய்க்குள் நிறுத்தி, அதைச் சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். இடையிலுள்ள காற்று குளிர்வை நிதானப்படுத்தும். விடாமல் கலக்கியபடி 15 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு மீண்டும் உருக்கி, தெரியாத திண்மம் 1.00 கிராம் சேர்த்து, முழுக்கக் கரைந்தபின் அதே வெப்பநிலைமானியால் திரும்பச் செய்யுங்கள். வெப்பநிலைமானி அரை டிகிரி தவறாகக் காட்டினாலும் கழிக்கும்போது அது நீங்கிவிடும்.

சிக்கல் வரைபடத்தில்தான். தூய கரைப்பானின் கோடு உறையும்போது கிடையாக ஓடும். கரைசலின் கோடு சரிந்துகொண்டே போகும். ஏனென்றால் உறைவது லாரிக் அமிலம் மட்டுமே. மிஞ்சும் திரவம் மேலும் மேலும் செறிவாகிறது. இதற்கு முன் மிகைக்குளிர்வு வேறு: வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி, படிகம் தோன்றியதும் சட்டென மேலேறும்.

ஓர் எடுத்துக்காட்டு. தூய அமிலம் 43.9 °C. கரைசல் 38.6 வரை இறங்கி, 39.7-க்கு ஏறி, பிறகு மெல்லச் சரிகிறது. அடிப்புள்ளியை எடுத்தால் தாழ்வு 5.3; மோலார் நிறை 92. உச்சத்தை எடுத்தால் 116. சரிவான பகுதியைப் பின்னோக்கி நீட்டி, திரவம் குளிர்ந்த கோட்டை வெட்டும் இடத்தைப் பார்த்தால் 39.9. தாழ்வு 4.0.

M = (3.9 × 1000 × 1.00) / (4.0 × 8.00) = 122

இங்கே கொடுத்த திண்மம் பென்சோயிக் அமிலம்; அதன் உண்மை மதிப்பு 122.1. தாழ்வில் 0.1 °C பிசகினாலே விடை 3 அலகு நகரும். அதனால் நீட்டல் கோட்டை அளவுகோல் வைத்தே போடச் சொல்கிறோம்.

விடை எப்போதும் குறைவாக வந்தால் மிகைக்குளிர்வையோ ஈரத்தையோ சந்தேகியுங்கள். கூடுதலாக வந்தால் குழாயின் கழுத்தைப் பாருங்கள்: அங்கே ஒட்டிய தூள் எடையில் சேர்ந்திருக்கும், கரைசலில் சேர்ந்திருக்காது. மடித்த தாளால் தூளை நேரே திரவத்தில் விழச் செய்தால் இது தீரும். சர்க்கரை, உப்பு போன்றவற்றுக்கு இந்த முறை உதவாது. அவை லாரிக் அமிலத்தில் கரையா.

முடிந்ததும் உறைந்த கட்டியிலிருந்து வெப்பநிலைமானியை இழுக்காதீர்கள், குமிழ் உடையும். வெந்நீரில் உருக்கி எடுத்து, திரவத்தைக் கழிவுக் குடுவையில் ஊற்றுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.