மார்பு வீக்கத்துக்கு ஹார்மோன் ஊசி: 1,350 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எஸ்டேட்டில் வேலை செய்கிறேன், வயது 51. சம்சு சாராயம் இருபது வருடப் பழக்கம். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

போன வருடம் இரண்டு மார்பும் பருக்க ஆரம்பித்தன. காம்புக்கு அடியில் ரப்பர் வட்டு மாதிரி ஒன்று. சட்டை உரசினாலே வலி. நெஞ்சு முடியும் அக்குள் முடியும் கொட்டின. வாரம் ஒரு சவரம் போதும் என்றாகிவிட்டது. டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சம். டவுனில் ‘ஆண்மைச் சிகிச்சை’ என்று கடை வைத்திருந்தவர் அந்தக் கூச்சத்தைத்தான் காசாக்கினார்.

ரத்தம் எடுத்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று தாளைக் காட்டினார். “மூன்று ஊசி போதும் அண்ணே, பழையபடி ஆயிடலாம்.” ஊசி ஒன்று 450 வெள்ளி. ரசீது கிடையாது. குடிப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு மார்பு வலி கூடியது. மூன்றாவதற்குப் பிறகு கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மனைவி அரசாங்க கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா மார்பைப் பார்க்கும் முன் கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கை ஓரமெல்லாம் சிவந்திருந்தது. தோளில் சிலந்திக்கால் போலச் சிவப்புக் கோடுகள். நடுப்புள்ளியை அழுத்தினால் மறைந்து, விட்டதும் திரும்பின. “எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள், ஐயா?” ஸ்கேனில் ஈரல் சுருங்கித் தழும்பேறியிருந்தது.

கடைக்காரர் காட்டிய எண் பொய்யில்லை. ஏன் குறைந்தது என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை. சாராயம் விரைகளையே தாக்குவதால் ஆண் ஹார்மோன் சுரப்பது குறைகிறது. ஈரல் கெட்டால் அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதம் ரத்தத்தில் கூடுகிறது. இருப்பதிலும் உடம்புக்கு உதவுவது கொஞ்சம்தான். போதாததற்கு, உடம்புக் கொழுப்பில் ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோனாக மாறுகிறது. வெளியிலிருந்து ஊசியில் ஏற்றுவதும் ஓரளவு அப்படியே மாறும். என் மார்பு வலி கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். கால் வீக்கம் ஈரலால் வந்தது. ஊசியும் உடம்பில் நீரைத் தேக்கக்கூடியது.

குடியை விடத்தான் வேண்டும். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அதனால் என்னை வார்டில் வைத்து, மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். இப்போது ஏழு மாதம். வலி போய்விட்டது, வட்டு இன்னும் இருக்கிறது. நாள்பட்டது இறுகிவிடும், முழுதாக வற்றாமலும் போகலாம் என்கிறார்கள். ஒரே பக்கம் மட்டும் கட்டி கல்லாக இருந்தாலோ காம்பில் ரத்தம் கசிந்தாலோ அது வேறு விஷயம், புற்றா என்று உடனே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். “நீங்க தண்ணியடிக்கிறதைச் சொல்லவே இல்லையே அண்ணே,” என்றார் கடைக்காரர்.