2199, 2155, 2105, 2128: என் சைக்கிளுக்கு எந்த எண்?

சைக்கிள் கம்ப்யூட்டருக்குத் தூரம் என்றால் என்னவென்றே தெரியாது. முன் ஃபோர்க்கில் ஒரு சென்சார், ஸ்போக்கில் ஒரு காந்தம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிக் காந்தம் சென்சாரைக் கடந்தால், ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கையை நாம் கொடுத்த சுற்றளவால் பெருக்கித் திரையில் காட்டும். எண்ணுவதில் அது பெரும்பாலும் தப்பு செய்யாது. தப்பெல்லாம் நாம் மில்லிமீட்டரில் கொடுக்கும் அந்த நாலு இலக்க எண்ணில்தான். ஒரே வண்டிக்கு நாலு வழியில் நாலு எண் கிடைத்தது எனக்கு.

முதல் வழியை வழி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டயரில் 700x32C என்று போட்டிருக்கிறதே, 700 மி.மீ. விட்டம், பையால் பெருக்கினால் 2199. நானும் முதலில் இதைத்தான் போட்டேன். அந்த 700 என்பது வெறும் பெயர், அளவல்ல. இந்த எண்ணோடு நிஜமாக 100 கிலோமீட்டர் ஓட்டினால் திரை 103-க்கு மேல் காட்டும்.

டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 32-622 என்று இன்னொன்று இருக்கும். அதுதான் உண்மையான அளவு: டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 622, டயரின் தடிமன் 32. தடிமன் மேலும் கீழும் வருவதால் 622 + 64 = 686. பையால் பெருக்கினால் 2155. கம்ப்யூட்டரோடு வரும் தாளில் 700x32C-க்கு நேரே இருப்பதும் இதே 2155தான். பையை 22/7 என்று வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர்தான் கூடும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஆனால் 2155 என்பது ஆள் ஏறாத, அச்சடித்த தடிமன் அப்படியே இருக்கிற டயரின் கணக்கு. நான் ஏறி உட்கார்ந்தால் டயர் தரையில் நசுங்குகிறது. சரி, நசுங்கிய உயரத்தையே அளப்போம் என்று, நான் சீட்டில் உட்கார்ந்திருக்க, தம்பியை முன் சக்கர அச்சிலிருந்து தரைவரை அளக்கச் சொன்னேன். 335 மி.மீ. இதை ஆரமாக வைத்தால் 2105. மிகவும் நியாயமான எண் போலத் தெரிகிறதல்லவா? இதுவும் தப்பு. நசுங்கும் இடத்தில் அச்சு தரைக்கு அருகே வருகிறதே தவிர, டயரின் மேல்பட்டையின் நீளம் அதே அளவுக்குச் சுருங்கிவிடுவதில்லை. அந்தப் பட்டை தரையில் படிந்து படிந்து நகர்வதால், ஒரு சுற்றில் வண்டி போகும் தூரம் நசுங்காத கணக்குக்கும் நசுங்கிய கணக்குக்கும் நடுவில் எங்கோ விழும். எங்கே என்பதை உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தின் கார் பார்க்கிங்கில் மஞ்சள் கோடு ஒன்று நேராக ஓடுகிறது. வழக்கமான அளவுக்குக் காற்றடித்து, முன் சக்கர வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. நான் சீட்டில் உட்கார, தம்பி பிடித்துக்கொள்ள, கோட்டின் மேலேயே ஐந்து சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. "என்ன சார், இடம் அளக்கிறீங்களா?" என்று வாட்ச்மேன் அண்ணா கேட்டார். டேப்பில் 10.64 மீட்டர். ஐந்தால் வகுத்தால் 2128. ஒரே சுற்று போதாதா என்றால், கோடு போடுவதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஒரு சுற்றில் அது முழுசாக எண்ணில் ஏறும். ஐந்து சுற்றில் இரண்டு மில்லிமீட்டராகக் கரைந்துவிடும். உட்காராமல் தள்ளிக்கொண்டு போனபோது 2148 வந்தது. அந்த 20 மில்லிமீட்டர் வித்தியாசம் என் எடையால்தான்.

ஐந்தாவதாக, ஈ.சி.ஆரில் காலை நேரத்தில் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிபார்க்கலாம். 2155 வைத்து ஓட்டியபோது ஐந்து கிலோமீட்டருக்குத் திரை 5.06 காட்டியது. பழைய எண்ணை 5.00/5.06 ஆல் பெருக்கினால் 2129. பார்க்கிங் கணக்கோடு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் இதை மட்டும் நம்ப மாட்டேன். சாலையை அகலப்படுத்தும்போது கல்லை நகர்த்தி நட்டிருக்கலாம், வேகத்தடுப்புக்கும் மாட்டுக்கும் விலகி விலகிப் போவதில் நம் பாதையும் நீளும்.

என் ஓட்டு 2128-க்குத்தான். ஊரைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் போகிறவர் தாளில் இருப்பதையே போட்டுக்கொள்ளலாம், 100 கிலோமீட்டருக்கு ஒன்றேகால்தான் கூடும். உருட்டி அளந்தவர்கள் காற்றைக் கவனிக்க வேண்டும். காற்று இறங்கினால் சுற்றுக்கான தூரம் குறையும், திரை அதிகம் காட்டும். அளந்த அன்றைக்கு என்ன காற்றோ அதே காற்றில் ஓட்டினால்தான் 2128 செல்லும். சில நாள் திடீரென்று தூரம் பாதியாகவோ வேகம் பூஜ்யமாகவோ காட்டினால் மட்டும் சுற்றளவைத் தொடாதீர்கள். காந்தம் ஸ்போக்கில் நழுவி, சென்சாரிலிருந்து விலகியிருக்கும்.