கிளைம் யாரிடம் நிற்கிறது? ஏஜென்ட் ஆபீஸுக்கு நோட்டா, ஷீட்டா, கார்டா?

மெடிக்கல் இன்சூரன்ஸில் ஏஜென்ட் ஆபீஸை அதிகம் அலைக்கழிப்பது ரீஇம்பர்ஸ்மென்ட் கிளைம்தான். கேஷ்லெஸ் என்றால் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கே, கம்பெனிக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் டிபிஏவோடு பேசி முடித்துவிடும். ரீஇம்பர்ஸ்மென்ட்டில் பில் கட்டுவதும் காகிதம் சேர்ப்பதும் குடும்பத்தின் வேலை. "என்ன ஆச்சு சார்?" என்ற போன் மட்டும் நமக்கு வரும். அந்தக் கேள்விக்கு ஒரே பார்வையில் பதில் சொல்ல ஒரு டிராக்கர் வேண்டும். கிளைம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் நின்றது, எந்தக் காகிதம் பாக்கி என்ற மூன்றையும் அது காட்ட வேண்டும். இதற்குப் பல ஆபீஸ்களில் புழங்கும் வழிகளை ஒரே கிளைமை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஒன்றை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். 2025 ஜூன் 4 அன்று கிளைம் விவரம் கம்பெனிக்குச் சொல்லப்படுகிறது. காகிதங்களைச் சேர்த்து ஜூன் 17 அன்று கொடுக்கிறோம். ஜூன் 27 அன்று டிபிஏவிடமிருந்து முதல் குவெரி: பொருத்திய மூட்டின் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும் அதன் இன்வாய்ஸும் வேண்டும். ஆஸ்பத்திரியில் வாங்கி ஜூலை 8 அன்று அனுப்புகிறோம். ஜூலை 15 அன்று இரண்டாவது குவெரி: கேன்சல் செய்த செக்கில் பெயர் அச்சாகவில்லை, வேறு கொடுங்கள். குடும்பத்தில் ஒருவர் பேங்க்குக்குப் போய் வந்து கொடுக்க, ஜூலை 28 அன்று அனுப்புகிறோம். ஆகஸ்ட் 6 அன்று கிளைம் பாஸ் ஆகி, ஆகஸ்ட் 9 அன்று பணம் ஏறுகிறது. மொத்தம் 66 நாள்.

முதலில் நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு கிளைம், வரிக்கு ஒரு தேதி. நடப்பில் பத்துப் பன்னிரண்டு கிளைம்தான் என்றால் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதம் கொடுத்ததற்கு முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டை அதே பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். அந்த வசதி கம்ப்யூட்டரில் இவ்வளவு சுலபமாக வராது. ஆனால் இந்த வாரம் எந்தக் கிளைமைத் துரத்த வேண்டும் என்று அறிய எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். பொறுப்பாக எழுதும் ஆள் லீவில் போனால் நோட்டும் லீவில் போனதாகவே அர்த்தம்.

அடுத்தது, எல்லோரும் முதலில் செய்யும் எக்செல் ஷீட். கிளைமுக்கு ஒரு வரி, 'நிலை' என்று ஒரு காலம், அதாவது ஒரு நெடுவரிசை, 'பாக்கி' என்று இன்னொரு காலம். இதில் கட்டம் தெரியும், நாள் தெரியாது. 'பரிசீலனை' என்பதை அழித்து 'குவெரி' என்று அடித்த நொடியில், பரிசீலனையில் பத்து நாள் இருந்தது என்ற செய்தி போய்விடுகிறது. இதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இதைத் திருத்தியவர்கள் கட்டத்துக்கு ஒரு தேதிக் காலம் வைக்கிறார்கள்: சொன்ன தேதி, கொடுத்த தேதி, குவெரி தேதி, பதில் தேதி, பாஸான தேதி, பணம் வந்த தேதி. பக்கத்துக் காலங்களைக் கழித்தால் நாள் கிடைக்கும். பார்க்கவும் அழகாக இருக்கும். குவெரி வராத, அல்லது ஒரே ஒரு முறை வரும் கிளைமுக்கு இது சரியாகவே வேலை செய்யும்.

நம் உதாரணத்தில் இரண்டாவது குவெரி வந்ததும் சிக்கல். ஷீட்டில் அடிக்கும் ஆபீஸ் பையன் என்ன செய்வான்? குவெரி தேதியில் இருந்த ஜூன் 27 மேல் ஜூலை 15 என்று அடிப்பான். இப்போது ஷீட் கணக்குப் போடுகிறது: ஜூன் 17 முதல் ஜூலை 15 வரை கம்பெனியிடம் 28 நாள். உண்மையில் அவர்களிடம் இருந்தது 10 நாளும் 7 நாளுமாக 17 நாள்தான். நடுவில் இருந்த 11 நாள் ஸ்டிக்கருக்காக ஆஸ்பத்திரியில் போனது. இந்த 28 நாளை நம்பிக் கம்பெனி அதிகாரியிடம் சண்டைக்குப் போனால், அவர் தன் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார். 'குவெரி 2', 'பதில் 2' என்று காலம் சேர்க்கலாம்தான். மூன்றாவது குவெரி வரும் நாளில் மறுபடி இதே கதை. கிளைம் முன்னால் மட்டும் நகரும் என்று நினைத்துப் போட்ட அமைப்பு இது. ரீஇம்பர்ஸ்மென்ட் கிளைம் பின்னாலும் வரும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது நகர்வுப் பதிவு. இதில் கிளைமுக்கு ஒரு வரி கிடையாது, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி. பழைய வரியை யாரும் தொடக் கூடாது; புதிய வரி கீழே சேரும். காலங்கள் நான்குதான்: A-யில் கிளைம் குறியீடு, B-யில் தேதி, C-யில் கட்டம், D-யில் இப்போது யாரிடம். நம் மூட்டுக் கிளைம் இதில் எட்டு வரியாக நிற்கும். E-யில் நாள் கணக்கு:

```
=IF(A2="","",IF(C2="முடிந்தது",0,IF(COUNTIFS(A:A,A2,B:B,">"&B2)=0,TODAY(),MINIFS(B:B,A:A,A2,B:B,">"&B2))-B2))
```

அதே கிளைமின் அடுத்த தேதியைத் தேடி அதிலிருந்து கழிக்கிறது; அடுத்த வரி இல்லையென்றால் இன்றைய தேதியிலிருந்து கழிக்கிறது; பணம் ஏறிய கடைசி வரியில் கட்டத்தை 'முடிந்தது' என்று எழுதினால் 0 காட்டும். அதனால் முடியாத கிளைமில் நடப்புக் கட்டத்தின் நாள் தானே ஏறிக்கொண்டிருக்கும். கூகுள் ஷீட்ஸிலும், எக்செல் 2019-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஓடும். ஒரே கிளைமுக்கு ஒரே தேதியில் இரண்டு வரி போட்டால் இரண்டுக்கும் ஒரே நாள்கள் விழுந்து கணக்கு இரட்டிக்கும். அன்றைக்குக் கடைசியாக எங்கே நின்றதோ அதை மட்டும் எழுதுவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் D காலத்தால்தான் உண்மையான பலன். 'யாரிடம்' என்பதை வைத்து நாளைக் கூட்டினால் அந்த 66 நாள் இப்படிப் பிரிகிறது: கம்பெனியும் டிபிஏவும் 29, குடும்பம் 26, ஆஸ்பத்திரி 11. "ரெண்டு மாசமா கம்பெனி இழுத்தடிக்கிறான் சார்" என்று போன் செய்யும் மகனிடம் பேச இப்போது நம்மிடம் விஷயம் இருக்கிறது. உண்மையிலேயே கம்பெனியிடம் தேங்கிய கிளைமாக இருந்தால், குறைதீர் அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் வைக்க வேண்டிய தேதிகளும் வரிசையாக அங்கேயே இருக்கும்.

ஷீட்டைத் தொடங்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கூகுள் ஷீட்ஸில் File → Settings → Locale அமெரிக்காவில் இருந்தால் 08/07/2025 என்பது ஆகஸ்ட் 7 ஆகிவிடும்; 17/06/2025 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தேதிக் காலத்தில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால் இதுதான் காரணம். Locale-ஐ இந்தியாவுக்கு மாற்றிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். இன்னொன்று, டிபிஏ தரும் நீளமான கிளைம் நம்பரை A காலத்தில் போடாதீர்கள். 15 இலக்கத்துக்கு மேல் போனால் எக்செல் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். 'K41' போல நமக்கென ஒரு குறியீடு போதும். டிபிஏ நம்பர் வேறொரு ஷீட்டில் இருக்கட்டும். கட்டத்தின் பெயர்களை டிராப்டவுனாக வைக்காவிட்டால் 'குவெரி', 'கொரி', 'குவரி' என்று மூன்று கட்டம் உருவாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பாக்கிக் காகிதத்துக்கு 'ஆவணம்' என்று தனி ஷீட் வேண்டும். ஒரே செல்லுக்குள் "பில், ஸ்டிக்கர், செக்" என்று கமா போட்டு எழுதினால் எது எப்போது கேட்டது என்று தெரியாது. காகிதத்துக்கு ஒரு வரி: குறியீடு, காகிதம், கேட்ட தேதி, வந்த தேதி. நாலாவது காலம் காலியாக இருப்பதெல்லாம் பாக்கி. A-யில் கிளைம் குறியீடுகளை வரிசையாக வைத்த ஒரு முகப்பு ஷீட்டில் இப்படிக் காட்டலாம்; இது கூகுள் ஷீட்ஸில் ஓடும், எக்செல் என்றால் 2021 முதல்தான் ஓடும்:

```
=IFERROR(TEXTJOIN(", ",TRUE,FILTER('ஆவணம்'!B:B,('ஆவணம்'!A:A=A2)*('ஆவணம்'!D:D=""))),"")
```

வாட்ஸ்அப்பில் போட்டோ வந்ததை 'வந்தது' என்று குறிப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் பெரும்பாலும் அசல் பில்லும் ரசீதும் கேட்பார்கள். அசல் மேஜைக்கு வந்த தேதியைத்தான் எழுத வேண்டும்.

இந்த ஷீட்டின் பெரிய லாபம், கிளைம் தொடங்கும் நாளிலேயே முழுப் பட்டியலையும் ஒட்டிவிடலாம் என்பது. கிளைம் ஃபார்மின் பார்ட் ஏ, ஆஸ்பத்திரி நிரப்பும் பார்ட் பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பிரிவு வாரியான ஃபைனல் பில், பணம் கட்டிய ரசீது, லேப் ரிப்போர்ட், டாக்டர் சீட்டோடு மருந்து பில், பெயர் அச்சான செக் ஆகியவை பொதுப் பட்டியல். மூட்டு, ஸ்டென்ட், கண் லென்ஸ் என்றால் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும் அதன் இன்வாய்ஸும் கூடும். விபத்து என்றால் எம்எல்சி அல்லது எஃப்ஐஆர் நகல் கூடும். நம் உதாரணத்தில் இரண்டு குவெரியும் கேட்டது இந்தப் பட்டியலில் இருந்தவற்றைத்தான். முதல் 13 நாளிலேயே அவற்றையும் வாங்கியிருந்தால் குவெரிக்குப் போன 24 நாள் மிச்சம். டிபிஏ வரிசையில் திரும்பத் திரும்ப நின்றதும் பெருமளவு குறைந்திருக்கும்.

ஷீட்டுக்குப் போட்டி ட்ரெல்லோ போன்ற கார்டு போர்டு. கட்டத்துக்கு ஒரு பட்டி, கிளைமுக்கு ஒரு கார்டு, இழுத்துப் போட்டால் நகரும். கார்டுக்குள் இருக்கும் செக்லிஸ்ட் பாக்கிக் காகிதத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஷீட்டைவிட நன்று. போனில் பழகவும் சுலபம். குவெரிக்குத் திரும்பிப் போவதும் அங்கே இயல்பான அசைவுதான். நாள் கணக்கில்தான் இடிக்கிறது. அதன் Card Aging வசதி, கார்டை யாரும் தொடாத நாள்களைத்தான் எண்ணும். "போன் பண்ணினேன், எடுக்கவில்லை" என்று ஒரு குறிப்பு எழுதினாலே கார்டு மறுபடி புதுசாகிவிடும். கட்டம் மாறிய தேதிகள் கார்டின் வரலாற்றில் இருக்கும், ஆனால் 'யாரிடம் எத்தனை நாள்' என்று கூட்ட நாமே உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கார்டில் ஏற்றிவைக்கும் பழக்கமும் வேண்டாம். போர்டைப் பார்க்கும் எல்லோருக்கும் அடுத்தவர் நோய் தெரிய வேண்டியதில்லை.

ஏஜென்ட்டுகளுக்கென விற்கும் கட்டண மென்பொருள்கள் பெரும்பாலும் ரென்யூவலுக்காகவும் பிரீமியம் நினைவூட்டலுக்காகவும் செய்யப்பட்டவை. கிளைம் பகுதி ஓரத்தில் ஒட்டியிருக்கும். டெமோ காட்ட வருபவரிடம் ஒரு கிளைமைக் குவெரிக்கு அனுப்பி, திரும்பக் கொண்டுவந்து, மறுபடி குவெரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிறகு முதல் குவெரி எத்தனை நாள் என்று கேளுங்கள். பதில் ஸ்க்ரீனில் வராவிட்டால், காசு கொடுத்து 'நிலை' காலத்தை வாங்குகிறீர்கள்.

மேஜையில் ஒருவர் நிரந்தரமாக இருக்கும் ஆபீஸுக்கு நகர்வுப் பதிவும் ஆவண ஷீட்டும் போதும். ஆளே இல்லாமல் பைக்கில் சுற்றும் ஏஜென்ட், வரி வரியாக ஷீட்டில் அடிக்கமாட்டார். அவருக்குக் கார்டு போர்டுதான் நடக்கும். அவர் 'குவெரி' என்று ஒரே பட்டி வைக்காமல் 'குவெரி – குடும்பம்', 'குவெரி – ஆஸ்பத்திரி' என்று பிரித்துக்கொண்டால், நாள் சரியாகத் தெரியாவிட்டாலும் இன்றைக்கு யாருக்குப் போன் போட வேண்டும் என்பது தெரியும். எதற்கு மாறினாலும் பழைய கிளைம்களை எல்லாம் ஏற்ற உட்கார வேண்டாம். நடப்பில் உள்ளவற்றை மட்டும், கடைசியாக நகர்ந்த தேதியோடு கிளைமுக்கு ஒரு வரியாகப் போட்டுத் தொடங்கினால் போதும்.