தர்மபுரி, கிருஷ்ணகிரில பிரான்ச் மேப் ஸ்லைடு போட வெளிய குடுக்கறவங்க இத படிச்சுட்டு பணத்த குடுங்க

எங்க மாட்டுத்தீவன ஏஜென்சிக்கு ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து 9 கடை, 2 குடோன், ஊத்தங்கரைல ஒன்னு புதுசா திறக்கப்போறோம். லோனுக்கு பேங்க்ல காட்டறதுக்கு இது எல்லாத்தையும் ஒரே மேப்ல பின் குத்தி ஒரு ஸ்லைடு வேணும்னு தர்மபுரில ஒரு டிசைன் சென்டர்ல குடுத்தோம். பேரு போடல, ஆனா 3,500 ரூபாயும் முன்னாடியே வாங்கிட்டு அவங்க செஞ்ச வேலைய சொல்றேன், மத்தவங்க ஏமாறக்கூடாது.

கூகுள் மேப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே ஒட்டிட்டாங்க. ஹைவே நம்பர், ஒகேனக்கல், கே.ஆர்.பி. டேம், பக்கத்துல சேலம், திருப்பத்தூர்னு நமக்கு வேண்டாத பேரெல்லாம் நிக்குது, அது நடுவுல எங்க கடை எதுன்னு தேடணும். ஓசூர்ல எங்களுக்கு 3 கடை, மூணு பின்னும் ஒன்னு மேல ஒன்னு ஏறி ஒரே சிவப்பு மொத்தையா கெடக்கு. லெஜண்ட்ல பச்சைன்னா குடோன்னு போட்டிருக்காங்க, காடு இருக்கற இடமெல்லாம் மேப்பே பச்சை தான், அதுல பச்சை பின் எங்க தெரியும்? பிளாக் அண்ட் ஒயிட்ல பிரிண்ட் எடுத்தா சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் கலர். கேட்டா "இப்படி இருந்தா தான்ணா ரிச்சா இருக்கும்"னு பதில்.

இதெல்லாம் கூட கண்ணுக்கு தெரியற தப்பு. பேங்க் மேனேஜர் "காவேரிப்பட்டணம் கடை கிருஷ்ணகிரி மாவட்டம்னு லிஸ்ட்ல இருக்கு, மேப்ல தர்மபுரி மாவட்டத்துல நிக்குதே, எது சார் சரி?"ன்னு கேட்டாரு பாருங்க, அங்க தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. கடை அட்ரஸையே சந்தேகப்படற மாதிரி ஆயிடுச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னு எங்க அக்கா பையன் பாத்து சொன்னான். பின்னுக்கு கீழ இருக்கற கூர் முனை தான் இடத்த காட்டறது, தலை இல்ல. சின்னதா வச்சு சரியா குத்திட்டு, அப்புறம் நல்லா தெரியணும்னு பவர்பாயிண்ட்ல சைஸ் கட்டத்துல நம்பர் அடிச்சு பெருசாக்கினா மேல் இடது மூலை அப்படியே நிக்கும், கீழயும் வலது பக்கமும் தான் வளரும், அப்ப முனை தெக்கால இறங்கிடும். ரெண்டு மாவட்டமும் ஒரே ஸ்லைடுல அடங்கினா அதுல ஒரு சென்டிமீட்டர் நெலத்துல சுமார் 7 கிலோமீட்டர், காவேரிப்பட்டணத்துக்கு தெக்க காரிமங்கலம் பக்கமா தர்மபுரி மாவட்டம் வந்துடுது, அதனால பின் எல்லை தாண்டி விழுந்துடுச்சு. அதனால பின் எல்லாத்தையும் மொதல்ல ஒரே சைஸ் பண்ணிட்டு, அப்புறம் முனைய பாத்து இடத்துல வைக்கணும்.

நீங்களே செக் பண்ண ஒரு வழி இருக்கு. பென்னாகரமும் தர்மபுரியும் கிட்டத்தட்ட நேர் கெழக்கு மேக்கு, ரெண்டு முனையும் ஒரே மட்டத்துல இருக்கணும். கிருஷ்ணகிரி தர்மபுரிக்கு ஏறக்குறைய நேர் வடக்கு, அரூர் கெழக்கால கொஞ்சம் தெக்கு தள்ளி. இது மாறி இருந்தா மேப்ப கோணலா சாய்ச்சு வச்சிருப்பாங்க, இல்ல பின்ன கண்டபடி குத்தியிருப்பாங்க.

திருத்திக்குடுங்கன்னு போனா இன்னும் கொடுமை, பின்னு மேப்பு லெஜண்டு எல்லாம் சேத்து ஒரே படமா குடுத்திருக்காங்க, ஒரு பின்ன கூட நகத்த முடியாது. ஒவ்வொரு பின்னுக்கும் 200 ரூபா தனியா கேட்டாங்க, வேண்டாம்னுட்டு வந்துட்டேன். அக்கா பையன் தான் புதுசா போட்டுக்குடுத்தான், லேசான சாம்பல்ல ரெண்டு மாவட்ட எல்லைக்கோடு மட்டும், கூட எங்க கடை இருக்கற ஊர் பேரு, வேற எதுவும் இல்ல. கடைக்கு நிறைஞ்ச பின், குடோனுக்கு சதுரம், ஊத்தங்கரைக்கு உள்ள காலியா கோடு மட்டும் போட்ட பின், இதனால கலர் இல்லாமயே பிரிண்ட்ல புரியுது. லெஜண்ட்ல அதே மூணு உருவம் அதே சைஸ்ல, கீழ ஓரமா. ஓசூருக்கு ஒரே பின், உள்ள 3ன்னு நம்பர், மூணு கடையும் எங்கன்னு ஓரத்துல சின்ன பெட்டில ஊர் மேப்.

Alt+F10 அழுத்தினா வர்ற Selection Pane-ல ஒவ்வொரு பின்னுக்கும் ஊர் பேரு வச்சிருக்கான், கடை மாறினா அத மட்டும் நகத்திக்கலாம். வெளிய குடுக்கறவங்க பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஃபைல உங்க எதிர்லயே திறக்கச்சொல்லி ஒரு பின்ன கிளிக் பண்ணி பாருங்க. பின் மட்டும் தனியா செலக்ட் ஆகாம முழுப்படமும் சேந்து செலக்ட் ஆச்சுன்னா காச குடுக்காதீங்க.