நிலை வட்டிக் கடனா, மாறும் வட்டியோடு ஸ்வாப்பா?

எங்கள் நிறுவனத்துக்கு ஐந்தாண்டுக் கடன் தேவைப்பட்டபோது இரண்டு வழிகள் இருந்தன. நேராக நிலை வட்டியில் வாங்குவது ஒன்று. மாறும் வட்டியில் வாங்கிவிட்டு, இரு தரப்பு தங்கள் வட்டியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தமான வட்டி விகித ஸ்வாப் மூலம் அதை நிலை வட்டியாக்கிக்கொள்வது இன்னொன்று. நாங்கள் ஸ்வாப் பக்கம் போனோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

கணக்கை இரண்டு நிறுவனங்களை வைத்துப் பார்ப்போம். எளிமைக்காக எண்களை மாற்றியிருக்கிறேன். இருவருக்கும் வேண்டியது 100 கோடி. பெரிய நிறுவனத்துக்கு நிலை வட்டி 7%. மாறும் வட்டி என்றால், சந்தையோடு ஏறி இறங்கும் அளவுகோல் வட்டிக்கு மேல் 0.5%. எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கு நிலை வட்டி 8.5%, மாறும் வட்டி அளவுகோலுக்கு மேல் 1%. பெரியவருக்குப் பிடித்தது மாறும் வட்டி, சிறியவருக்கு நிலை வட்டி. ஆனால் நிலை வட்டியில் இருவருக்கும் இடைவெளி 1.5%, மாறும் வட்டியில் வெறும் 0.5%. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள 1 சதவீதத்தைத்தான் ஸ்வாப் பங்கு போட்டுத் தருகிறது.

பெரியவர் 7% நிலை வட்டியில் கடன் வாங்குகிறார், சிறியவர் மாறும் வட்டியில். பிறகு சிறியவர் பெரியவருக்கு 7% கொடுக்க, பெரியவர் அளவுகோல் வட்டியைத் திருப்பிக் கொடுக்கிறார். பெரியவர் வாங்கும் 7% அவர் கடன் வட்டிக்குச் சரியாகிவிடுகிறது. அவருக்கு நிற்பது அளவுகோல் வட்டி மட்டும். சிறியவருக்கு 7 கூட்டல் 1, ஆக 8%. இருவருக்கும் 0.5% மிச்சம், அதாவது ஆண்டுக்கு 50 லட்சம்.

அசல் கைமாறுவதே இல்லை. வட்டியிலும் வித்தியாசம் மட்டும்தான் போகும். அளவுகோல் 6% ஆக இருந்த அரையாண்டில் சிறியவர் 50 லட்சம் கொடுப்பார்; 8% ஆனால் பெரியவர் 50 லட்சம் கொடுப்பார். நடைமுறையில் நடுவில் ஒரு வங்கி நின்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அதனால் மிச்சம் கொஞ்சம் குறையும். இன்னொன்று, ஸ்வாப் பூட்டுவது அளவுகோலை மட்டுமே. கடன் கொடுத்தவர் நடுவில் அளவுகோலுக்கு மேலுள்ள அந்த 1 சதவீதத்தை 1.5 ஆக்கினால் அதை நாம்தான் சுமக்க வேண்டும். காலம் முழுவதற்கும் அது மாறாது என்று கடன் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை ஸ்வாப்தான் முன்னால் நிற்கிறது. முடிவைத் தீர்மானிப்பது வேறு கேள்வி: கடனை முன்கூட்டியே அடைத்தால் என்ன ஆகும்?

நிலை வட்டிக் கடனில் அதற்கான அபராதம் பெரும்பாலும் முதல் நாளே தெரியும். 2% என்றால் 2 கோடி. ஸ்வாப்பில் அப்படி ஓர் எண் எழுதப்பட்டிருக்காது. கடனும் ஸ்வாப்பும் தனித்தனி ஒப்பந்தங்கள். கடனை அடைத்தாலும் ஸ்வாப் ஓடிக்கொண்டே இருக்கும். முடிக்க வேண்டுமென்றால் அன்றைய சந்தை மதிப்பைக் கொடுத்தோ வாங்கியோதான் முடிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்துச் சிறியவர் கடனை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மீதமுள்ள 3 ஆண்டுக்குப் புது ஸ்வாப் போட்டால் நிலை வட்டி 5%தான். இவர் 7% கொடுக்க ஒப்புக்கொண்டவர். ஆண்டுக்கு 2 கோடி வீதம் 6 கோடி, இன்றைய மதிப்பில் சுமார் ஐந்தரை கோடி, உடனே கட்ட வேண்டும். இரண்டு ஆண்டில் மிச்சமானதோ 1 கோடி. மாறாக வட்டி 9% ஆகியிருந்தால் ஸ்வாப்பை முடிக்க இவருக்கே 5 கோடிக்கு மேல் கிடைக்கும். நிலை வட்டிக் கடனில் பொதுவாக அப்படி எதுவும் வராது. சிக்கல் என்னவென்றால், வட்டி இறங்கும்போதுதான் பழைய கடனை அடைத்துவிட்டுப் புதிதாக வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஸ்வாப் வலிப்பதும் சரியாக அப்போதுதான்.

எதிர்த்தரப்பு திவாலாவதை நான் நேரில் பார்த்ததில்லை. அசல் கைமாறாததால் அது போகாது என்பது உறுதி. ஆனால் பூட்டிய வட்டி போய், நாம் மறுபடி மாறும் வட்டியில் நிற்போம்.

என் நிபந்தனை இதுதான்: கடைசிவரை நிச்சயம் இருக்கும் கடனுக்கு மட்டும் ஸ்வாப் போடுங்கள். முழுக் கடனையும் எப்போது வேண்டுமானாலும் அடைக்க நேரலாம் என்றால் நிலை வட்டிக் கடனே மேல், அரை சதவீதம் கூடினாலும். நாங்கள் கடனில் 60 சதவீதத்துக்கு மட்டும் ஸ்வாப் போட்டு, மீதியை மாறும் வட்டியிலேயே விட்டோம். மூன்றாம் ஆண்டில் ஓர் இடத்தை விற்ற பணம் வந்தபோது, அந்த மீதியில் பெரும்பகுதியை அடைத்தோம். ஸ்வாப்பைத் தொட வேண்டியிருக்கவில்லை.