ஜெட் எரிபொருளுக்கு எந்த ஃப்யூச்சர்ஸ்: டபிள்யூ.டி.ஐ.யா, பிரெண்ட்டா, ஹீட்டிங் ஆயிலா?

விமான நிறுவனத்தின் செலவில் ஒரு பெரிய பகுதி ஜெட் எரிபொருளுக்குப் போகிறது. பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம்தான் ஃப்யூச்சர்ஸ். ஆனால் தாராளமாக வாங்கி விற்கக்கூடிய ஜெட் எரிபொருள் ஃப்யூச்சர்ஸ் சந்தை இல்லை. அதனால் அதற்கு உறவான ஒன்றின் ஃப்யூச்சர்ஸை வாங்கித்தான் ஹெட்ஜ் செய்ய, அதாவது விலை ஏற்றத்திலிருந்து காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்க நிறுவனங்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள்: அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெய், வடகடலின் பிரெண்ட் கச்சா எண்ணெய், வீடுகளைச் சூடாக்க எரிக்கும் நியூயார்க் துறைமுக ஹீட்டிங் ஆயில் (2013 முதல் இது குறைகந்தக டீசல் ஒப்பந்தம்).

வாங்கும் பொருளின் விலைக்கும் ஃப்யூச்சர்ஸ் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசிஸ். ஹெட்ஜ் போட்டதும் எண்ணெய் விலை ஏறுமா இறங்குமா என்ற கவலை போய், இந்த வித்தியாசம் மாறுமா என்ற கவலை வந்து உட்காருகிறது.

2011-ஐ எடுத்துக்கொள்வோம். அதுவரை பலர் டபிள்யூ.டி.ஐ.யையே பயன்படுத்தினார்கள், வர்த்தகம் அதிகம், பல ஆண்டுகள் தள்ளியும் ஒப்பந்தம் கிடைக்கும். அந்த ஒப்பந்தத்தின் டெலிவரி இடம் ஓக்லஹோமாவின் குஷிங். அங்கே கச்சா எண்ணெய் குவிந்தது, கடற்கரைக்குக் கொண்டுபோகப் போதுமான குழாய்வழி இல்லை. அதே நேரம் லிபியாவின் கலவரம் பிரெண்ட்டை ஏற்றியது. ஜனவரித் தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையே பீப்பாய்க்குச் சில டாலராக இருந்த இடைவெளி அந்த ஆண்டிலேயே 25 டாலரைத் தாண்டியது. ஜெட் எரிபொருள் பிரெண்ட்டோடு போனது.

அந்தப் போக்கை ஒட்டி ஒரு மாதிரிக் கணக்கு. செப்டம்பரில் 1 லட்சம் பீப்பாய் ஜெட் எரிபொருள் தேவை. எல்லா ஒப்பந்தமும் 1,000 பீப்பாய் (ஹீட்டிங் ஆயில் 42,000 கேலன், அதே அளவு). எனவே 100 ஒப்பந்தங்கள். ஜனவரியில் ஜெட் பீப்பாய்க்கு 110 டாலர். செப்டம்பர் ஒப்பந்தங்களில் டபிள்யூ.டி.ஐ. 90, பிரெண்ட் 94, ஹீட்டிங் ஆயில் 108. செப்டம்பரில் ஜெட் 126, டபிள்யூ.டி.ஐ. 86, பிரெண்ட் 112, ஹீட்டிங் ஆயில் 123.

ஹெட்ஜ் இல்லாதவர் 126 கொடுக்கிறார். டபிள்யூ.டி.ஐ. வாங்கியவருக்கு எரிபொருளிலும் 16 டாலர் ஏற்றம், ஃப்யூச்சர்ஸிலும் 4 டாலர் நஷ்டம். அடக்க விலை 130. ஹெட்ஜ் போடாமலே இருந்திருக்கலாம். ஹீட்டிங் ஆயிலுக்கு 15 டாலர் லாபம் கழித்து 111. பிரெண்ட்டுக்கு 18 கழித்து 108. பிரெண்ட் சிறந்தது என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. 110-ஐ உறுதி செய்ய நினைத்தவருக்கு 2 டாலர் குறைந்ததும் பேசிஸ் நகர்ந்ததால்தான். அடுத்த முறை அதே 2 டாலர் எதிர்ப்பக்கம் போகலாம்.

என் வாக்கு ஹீட்டிங் ஆயிலுக்கு. ஜெட், டீசல், ஹீட்டிங் ஆயில் மூன்றும் சுத்திகரிப்பு ஆலையில் ஏறத்தாழ ஒரே நடுத்தர வடிநீரிலிருந்து வருபவை. கச்சா எண்ணெய் விலைக்கும் சுத்திகரித்த பொருளின் விலைக்கும் உள்ள வித்தியாசம் விரியும்போது கச்சா எண்ணெய் ஹெட்ஜ் அதைப் பிடிக்காது, ஹீட்டிங் ஆயில் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனாலும் வடகிழக்கு அமெரிக்காவில் கடுங்குளிர் வந்தால் அது தனியாக ஏறும். 2005-ல் கட்ரீனா, ரீட்டா புயல்கள் வளைகுடாக் கரை ஆலைகளை முடக்கியபோது நேர்மாறாக அங்கே ஜெட் எரிபொருள் தனியாக எகிறியது. நியூயார்க் விலையைப் பிடித்திருந்தவருக்கு அந்த வித்தியாசம் கைநஷ்டமாகவே நின்றது.

ஹெட்ஜ் போட்ட பிறகும் எவ்வளவு அபாயம் மிச்சம் என்பதைக் கணக்கிட ஒரு வழி உண்டு. வார விலை மாற்றங்களை வைத்து ஜெட் எரிபொருளுக்கும் ஃப்யூச்சர்ஸுக்கும் உள்ள ஒட்டுறவை எடுங்கள். அது 0.9 என்றால் 90 சதவீதம் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம். சரியான அளவில் ஹெட்ஜ் போட்டாலும் மிஞ்சும் ஏற்ற இறக்கம், 0.9-இன் வர்க்கமான 0.81-ஐ 1-லிருந்து கழித்து வரும் 0.19-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 44 சதவீதம். 0.95 ஆனாலும் 31 சதவீதம் நிற்கும். அதுவும் பழைய ஒட்டுறவு தொடர்ந்தால்தான்; 2011 அப்படித் தொடரவில்லை. அதனால் மொத்த வரலாற்றையும் சேர்த்து ஒரு எண் எடுக்காமல், கடைசி சில மாதங்களைத் தனியே எடுத்துப் பார்ப்பது நல்லது. மொத்த வரலாற்றின் எண்ணும் கடைசி மாதங்களின் எண்ணும் விலகினால் ஏதோ உடைந்திருக்கிறது.

ஹீட்டிங் ஆயிலின் பெரிய குறை, தூர மாதங்களில் வர்த்தகம் மெலிந்துவிடுவது. அதனால் ஓராண்டு, இரண்டாண்டு தள்ளி இருப்பதைப் பிரெண்ட்டில் பிடித்து, தேதி நெருங்கும்போது ஹீட்டிங் ஆயிலுக்கு மாற்றிக்கொள்வது நடைமுறை. மாற்றும் நாளில் இரண்டுக்கும் இடையில் என்ன விலை இருக்குமோ, அது அதுவரை திறந்தே கிடக்கும்.

அப்புறம் எந்த ஒப்பந்தமும் தொடாத ஒன்று, அளவு. 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது எரியாத எரிபொருளுக்கான ஹெட்ஜ், விழுகிற விலையில் வெறும் நஷ்டக் கணக்காக நின்றது. பேசிஸ் நகராமல் இருந்திருந்தாலும் அது காப்பாற்றியிருக்காது.