மின்சார ஓவனா, கேஸ் ஓவனா: விற்பனையாளரின் கணக்கை நம்பி நாங்கள் பட்ட பாடு

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் நானும் என் மனைவியும் சேர்ந்து சிறிய பேக்கரி நடத்தி வருகிறோம். 2024 ஜனவரியில், டெக் எனப்படும் இரண்டு அடுக்கும் நான்கு ட்ரேயும் கொண்ட மின்சார ஓவன் ஒன்றை வாங்கினோம். அதை எங்களுக்கு விற்றவர் சொன்ன இரண்டு செய்திகளும் பொய்யாகிப் போயின. கேஸ் ஓவனுக்கு ஆகும் செலவில் பாதிதான் ஆகும் என்பது முதலாவது. கடையில் ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பே போதும் என்பது இரண்டாவது. அதே நிலையில் இருக்கும் வேறு யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகவே, அளந்து பார்த்த எண்களோடு இதை எழுதுகிறேன்.

முதலில் மின்பளுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு ஆபத்து வந்தது அந்த வழியாகத்தான். எங்கள் கடைக்கு அப்போது இருந்தது 4 கிலோவாட் ஒருமுனை இணைப்பு. விலைப்புள்ளியில் ஓவனின் திறன் 6 கிலோவாட் என்று எழுதியிருந்தது. அதுவே எங்கள் இணைப்பை விட அதிகம் என்று நான் கேட்டபோது, "தெர்மோஸ்டாட் இருக்குங்க, எல்லா நேரமும் இழுக்காது, பயப்படாதீங்க" என்றார். ஓவன் வந்து இறங்கிய பிறகுதான் அதன் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். அதில் 13.2 கிலோவாட், மும்முனை என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அதாவது ஒரு டெக்குக்கே 6.6 கிலோவாட், விலைப்புள்ளியில் இருந்தது ஏறக்குறைய ஒரு டெக்கின் கணக்கு மட்டுமே.

தெர்மோஸ்டாட் இழுப்பைக் குறைக்கும் என்பது பாதி உண்மை. அது ஹீட்டரை விட்டு விட்டு இயக்கும். ஆனால் இயங்கும் நேரத்தில் ஹீட்டர் முழுத் திறனையும்தான் இழுக்கும். சூடாகும் முதல் அரை மணி நேரத்தில் அது அணைவதே இல்லை. ஒயரும், மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி.யும் தாங்க வேண்டியது அந்த முழு மின்னோட்டத்தைத்தான், சராசரியை அல்ல. 13.2 கிலோவாட்டை 415 வோல்ட் மும்முனையில் பிரித்தால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 18 ஆம்பியர் ஓடும். அதையே 230 வோல்ட் ஒருமுனையில் இழுத்தால் 57 ஆம்பியர் ஆகிவிடும்.

விற்பனையாளர் அனுப்பிய பணியாளர், ஓவனின் மூன்று முனையங்களையும் ஒரு பித்தளைத் தகட்டால் இணைத்து எங்கள் ஒருமுனை ஒயரில் மாட்டிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு டெக்கை மட்டும் போடச் சொன்னார். ஒரு டெக்குக்கே 29 ஆம்பியர் வேண்டும். மாவு பிசையும் இயந்திரம், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் சேர்ந்தால் 40 ஆம்பியரை எட்டிவிடும். எங்களிடம் இருந்தது 32 ஆம்பியர் எம்.சி.பி.; பிரெட் உள்ளே இருக்கும்போதே அது அடிக்கடி விழுந்தது. தொலைபேசியில் புகார் சொன்னதும் அதே பணியாளர் வந்து, ஒயரை மாற்றாமல் 40 ஆம்பியர் எம்.சி.பி.யை மட்டும் மாட்டிவிட்டுப் போனார். எம்.சி.பி. விழுவது ஓவனின் குறை அல்ல; ஒயரைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது. எங்கள் 4 சதுர மி.மீ. ஒயருக்குக் காவலாக இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு அன்று புரியவில்லை. பத்து நாள் கழித்து சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியில் கருகிய வாடை வந்தது. எங்கள் ஊர் மின்பணியாளர் அண்ணன் அதைத் திறந்து காட்டியபோது, ஒயரின் மேலுறை பழுப்பாகி உருகத் தொடங்கியிருந்தது. அடுத்த மின் கணக்கெடுப்பின்போது, மீட்டரில் பதிவான உச்சத் தேவை அனுமதித்த மின்பளுவைத் தாண்டியிருப்பதைக் கணக்கெடுக்க வந்தவரும் சுட்டிக்காட்டினார்.

இன்னொரு குறையும் அந்த நாட்களில் தெரிந்தது. மாலையில் பஃப்ஸ் போடும் நேரத்தில் ஓவன் 220 டிகிரிக்கு வரவே வராது. 185-இலேயே நிற்கும், ஹீட்டர் விளக்கும் அணையாது. ஓவனில் பழுது என்றே நினைத்தோம். மின்பணியாளர் அளந்து பார்த்தபோது, எங்கள் தெருவில் அந்நேரம் 190 வோல்ட்தான் இருந்தது. ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், 190 வோல்ட்டில் 6.6 கிலோவாட் ஹீட்டர் வெறும் 4.5 கிலோவாட் ஹீட்டராகிவிடுகிறது. 25 நிமிடத்தில் வேக வேண்டிய பிரெட் 40 நிமிடம் உள்ளே கிடந்து, மேல்தோல் தடித்து, மறுநாளே உலர்ந்து போனது. ஹீட்டர் விளக்கு நெடுநேரம் அணையாமல் எரிகிறது என்றால், ஓவனைக் குறை சொல்வதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

கடைசியில் 18 கிலோவாட் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பித்தோம். ஓவனுக்கென்று தனியாக 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், நான்கு முனை எம்.சி.பி., கசிவுக் காப்பு, முறையான எர்த் எல்லாம் போட்டோம். வைப்புத்தொகை, மின்வாரியக் கட்டணம், ஒயரிங் எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ஓவனின் விலையை ஒப்பிட்டபோது இந்தத் தொகை எங்கள் கணக்கிலேயே இல்லை.

அடுத்தது செலவுக் கணக்கு. விற்பனையாளரின் காட்சிக்கூடத்தில் எங்கள் கண் முன்னாலேயே ஒரு ஈடு பிரெட்டைச் சுட்டு, மீட்டரைக் காட்டினார்கள்; மூன்றரை யூனிட்தான் ஓடியிருந்தது. கேஸ் ஓவனுக்கு மட்டும் காகிதத்தில் கணக்குப் போட்டு, ஒரு ஈடுக்கு எழுபது ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். தந்திரம் எங்கே என்று பின்னால்தான் விளங்கியது. நாங்கள் போனபோதே மின்சார ஓவன் சூடாக இருந்தது. குளிர்ந்த ஓவனைச் சூடேற்றும் செலவு அந்த மீட்டரில் வரவே இல்லை. கேஸ் ஓவனுக்கோ, குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற்றும் நேரத்தையும் சேர்த்து, அந்த நேரம் முழுவதும் பர்னர் அதிகபட்ச அளவில் எரிவதாக வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். மின்சாரத்துக்குத் தெர்மோஸ்டாட்டின் பலனைக் கொடுத்தவர்கள் கேஸுக்கு அதைக் கொடுக்கவில்லை.

மும்முனை இணைப்பு வந்த பிறகு நானே அளந்தேன். பக்கத்து ஊரில் என் மைத்துனர் இதே அளவு கேஸ் ஓவன் வைத்திருக்கிறார். இரண்டு கடையிலும் ஒரே மாவு, ஒரே அச்சு, ஒரு ஈடுக்கு 400 கிராம் பிரெட் 32, ஒரு நாளைக்கு எட்டு ஈடு என்று வைத்துக்கொண்டோம். மின்சாரத்துக்கு ஓவனின் தனி மீட்டரையும், கேஸுக்குக் காலையிலும் மாலையிலும் சிலிண்டரைத் தராசில் நிறுத்த எடையையும் குறித்தோம். சிலிண்டர் தீர்ந்த நாட்களை எண்ணுவது போதாது. எடை போட்டால்தான் உண்மை தெரியும்.

மின்சார ஓவன் சூடாக 6.5 யூனிட், ஈடு ஒன்றுக்கு 3.5 யூனிட், ஈடுகளுக்கு இடையே சூட்டைக் காக்க நாள் முழுவதற்கும் 3.5 யூனிட் எடுத்தது. மொத்தம் 38 யூனிட். எங்கள் வணிகக் கட்டணத்தில் யூனிட் ஏறத்தாழ 10 ரூபாய் என்பதால் நாளுக்கு 380 ரூபாய், ஒரு ஈடுக்கு நாற்பத்தேழரை ரூபாய். கேஸ் ஓவன் சூடாக 600 கிராம், ஈடு ஒன்றுக்கு 400 கிராம், இடைநேரத்துக்கு 400 கிராம் எடுத்தது. மொத்தம் 4.2 கிலோ. 19 கிலோ வணிகச் சிலிண்டர் 1,900 ரூபாய் என்று வைத்தால் கிலோ 100 ரூபாய். நாளுக்கு 420 ரூபாய், ஒரு ஈடுக்கு ஐம்பத்திரண்டரை ரூபாய். பாதிச் செலவு என்றார்களே, உண்மையான வேறுபாடு ஈடுக்கு ஐந்து ரூபாய்தான்.

அந்த ஐந்து ரூபாயும் கையில் நிற்கவில்லை. மாதம் 26 நாளில் மின்சாரம் மிச்சப்படுத்துவது 1,040 ரூபாய். ஆனால் 4 கிலோவாட்டிலிருந்து 18-க்கு உயர்த்திய 14 கிலோவாட்டுக்கும் நிலைக்கட்டணம் உண்டு. அது கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது, ஓவனை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் வரும். எங்களுக்கு மாதம் 1,450 ரூபாய்க்கு மேல் அதற்கே போகிறது. ஆக எட்டு ஈடு போடும் கடைக்குக் கேஸ்தான் மலிவு. நாளுக்குப் பன்னிரண்டு ஈட்டை எட்டினால்தான் மின்சாரம் முந்தத் தொடங்கும். சிலிண்டர் விலை 1,750-க்கு இறங்கினால் அந்த எல்லை இன்னும் மேலே போய்விடும். ஈடுகளை விட்டு விட்டுப் போடாமல் தொடர்ச்சியாகப் போடுவதுதான் இரண்டு ஓவனிலுமே செலவைக் குறைக்கிறது என்பதையும் இந்த அளவீட்டில் கண்டேன்.

கேஸில் சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு டெக்கும் ஒன்றாகச் சூடாகும்போது மணிக்கு 1.2 கிலோ வரை எரிகிறது. ஒரே சிலிண்டரிலிருந்து அந்த வேகத்தில் எடுத்தால் வெளிப்புறம் பனி படிந்து, அழுத்தம் குறைந்து, சுடர் தளர்ந்துவிடும். மைத்துனர் இரண்டு சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்த பிறகுதான் அது சரியானது. புகைபோக்கிக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் வேண்டும். மின்சாரம் போனால் பற்றவைக்கும் கருவியும் கட்டுப்பாட்டுப் பலகையும் நின்றுவிடும், ஆனால் அவற்றுக்கு இருநூறு வாட்டுக்குள் போதும் என்பதால் சிறிய இன்வெர்ட்டரே தாங்கிக்கொள்கிறது. எங்கள் ஓவனை ஓட்ட வேண்டுமானால் ஜெனரேட்டர்தான் வேண்டும். கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் மின்சார ஓவனின் வெப்பம் சீராக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் காரணத்துக்காகவே வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கியிருந்தால் எனக்கு இந்த வருத்தம் இருந்திருக்காது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத் தகட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள கிலோவாட்டும் முனை எண்ணிக்கையும் விலைப்புள்ளியிலும் அப்படியே எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். செய்முறை காட்டுவதாக இருந்தால், முந்தைய இரவிலிருந்து அணைத்து வைத்த ஓவனில் காட்டச் சொல்லுங்கள். மீட்டரைச் சூடேற்றத் தொடங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தகட்டுப் படத்தை உங்கள் ஊர் மின்பணியாளரிடம் காட்டி, மின்பளு உயர்த்துவதற்கும் ஒயரிங்குக்கும் ஆகும் தொகையை ஓவன் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

விற்பனையாளர் ஓவனைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்; 6 கிலோவாட் என்று எழுதியது தட்டச்சுப் பிழை என்கிறார். விலைப்புள்ளி, தகட்டின் படம், கருகிய ஒயரின் படம், மின்பணியாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். வணிக நோக்கில் வாங்கியவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு. கடையில் நாங்கள் இருவருமே வேலை செய்கிறோம், பிழைப்புக்கு இதைத் தவிர வேறு வருமானம் இல்லை என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறோம்.